மூன்று மாத வாடகை பாக்கி, ஆறு தவணை, ஒரு கடிதம்

சென்னையில் வாடகை பாக்கி பெரும்பாலும் மாடிப்படியில்தான் பேசி முடிக்கப்படுகிறது. “அம்மா, இந்த மாசம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்” என்பார் குடியிருப்பவர். “சரிப்பா, பாத்துப் பண்ணு” என்பார் வீட்டுக்காரம்மா. ஒரு மாதத்துக்கு இது போதும். பாக்கி மூன்று மாதமாகும்போது, குடியிருப்பவர் அந்தப் படியில் ஏறி இறங்கும் நேரத்தையே மாற்றிக்கொள்வார். வீட்டுக்காரம்மாவுக்கும் பணக் கவலை போய், ‘இவன் ஏன் கண்ணிலேயே படமாட்டேன் என்கிறான்?’ என்ற சந்தேகம் வந்துவிடும். பாக்கியைத் தவணையில் கட்டுகிறேன் என்று கடிதம் எழுதுவதானால், அந்தச் சந்தேகம் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அம்பத்தூரில் மாத வாடகை 12,000 ரூபாய்க்கு ஒரு வீடு. தண்ணீர், மெயின்டனன்ஸுக்குத் தனியாக 500. ஏப்ரலில் போட்ட பதினோரு மாத ஒப்பந்தம். அந்தந்த மாத வாடகையை 5ஆம் தேதிக்குள் தர வேண்டும். குடியிருப்பவர் தனியார் கம்பெனி ஓட்டுநர். மே மாதக் கடைசியில் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. ஜூன் வாடகையில் 5,000 மட்டும் கொடுத்தார். ஜூலை, ஆகஸ்ட் எதுவும் தரவில்லை. செப்டம்பரில் மறுபடி வேலைக்குப் போகிறார்.

கடிதத்துக்கு முன்னால் கணக்கு. ஜூனில் மீதி 7,000, ஜூலை 12,000, ஆகஸ்ட் 12,000, மூன்று மாத மெயின்டனன்ஸ் 1,500. மொத்தம் 32,500. பலர் வாடகையை மட்டும் கூட்டி, மெயின்டனன்ஸை மறந்துவிடுவார்கள். வீட்டுக்காரம்மா மறக்கமாட்டார். அவருடைய நோட்டில் உள்ள தொகைக்கும் கடிதத்தில் உள்ள தொகைக்கும் 1,500 ரூபாய் வித்தியாசம் வந்தாலே பேச்சு தவணையை விட்டுவிட்டுக் கணக்கு வழக்குக்குப் போய்விடும்.

அடுத்தது எத்தனை தவணை என்பது. இங்கேதான் நல்லெண்ணம் ஆளைக் கவிழ்க்கிறது. கடன்பட்டவனுக்கு சீக்கிரம் அடைத்துவிட வேண்டும் என்ற துடிப்பு இருக்கும். “நாலே மாசத்துல முடிச்சிடறேன்” என்று வாய் தானாகச் சொல்லும். இந்த வீட்டில் அவர் சம்பளமும் மனைவியின் தையல் வருமானமும் சேர்த்து 36,000 ரூபாய். வாடகை போக மற்ற செலவு, எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும், 18,000. நான்கு தவணை என்றால் மாதம் 8,125, நடப்பு வாடகையும் மெயின்டனன்ஸும் 12,500, ஆக 20,625. கையில் நிற்பது 15,375. மாதாமாதம் 2,625 ரூபாய் துண்டு விழும். இரண்டு மாதம் கைமாற்று வாங்கிச் சமாளித்து, மூன்றாவது மாதம் தவறுவார். முதலில் தவறியது விபத்தால் என்று யாரும் புரிந்துகொள்வார்கள். இந்த முறை தவறினால் அது வாக்குத் தவறியது ஆகிவிடும்.

ஆறு தவணையாக்கினால் மாதம் சுமார் 5,400. நடப்பு வாடகையோடு சேர்த்து 17,900. மீதி 18,100. இழுபறிதான், ஆனால் ஓடும். பத்து தவணை கேட்டால் இன்னும் சுலபமே. ஆனால் ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது. பாக்கியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எந்த வீட்டு உரிமையாளரும் தயங்குவார். செப்டம்பரில் தொடங்கும் ஆறு தவணை பிப்ரவரி 5இல் முடிந்துவிடுகிறது. அந்தத் தேதி கடிதத்தில் இருந்தால், படிக்கிறவருக்கு இது எங்கே போய் நிற்கும் என்பது தெரியும்.

சம தவணை என்றால் பைசா சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. 32,500ஐ ஆறால் வகுத்தால் 5,416 ரூபாய் 67 பைசா. ஐந்து தவணை 5,400, கடைசித் தவணை 5,500 என்று வைத்தால் கணக்கு நேராகிவிடும். ‘முதலில் கொஞ்சம், தீபாவளி போனஸ் வந்ததும் நிறைய’ என்ற ஏற்பாட்டைவிட இதை நான் விரும்புவேன். ஒரே தொகை, ஒரே தேதி என்றால் வந்ததா இல்லையா என்று பார்த்ததும் தெரியும். போனஸ் வந்தால் முன்கூட்டியே கட்டுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

இனி கடிதம்:

*மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,*

*வணக்கம். தங்கள் வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கும் நான், விபத்தில் கால் முறிந்து மூன்று மாதம் சம்பளம் இல்லாததால் வாடகை பாக்கி வைத்துவிட்டேன். ஜூன் மீதி ரூ.7,000, ஜூலை ரூ.12,000, ஆகஸ்ட் ரூ.12,000, மூன்று மாத மெயின்டனன்ஸ் ரூ.1,500, ஆக மொத்தம் ரூ.32,500 நான் தர வேண்டியது.*

*செப்டம்பர் முதல் மீண்டும் வேலைக்குச் செல்கிறேன். இந்தப் பாக்கியை ஆறு தவணைகளில் கட்ட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் ரூ.5,400, பிப்ரவரி 5ஆம் தேதிக்குள் ரூ.5,500. நடப்பு மாத வாடகையும் மெயின்டனன்ஸும் சேர்ந்த ரூ.12,500ஐ வழக்கம்போல் அதே தேதிக்குள் தனியாகச் செலுத்துவேன். அட்வான்ஸில் கழிக்கும்படி கேட்கவில்லை.*

*இந்த ஏற்பாட்டுக்குத் தாங்கள் சம்மதிப்பதால் ஒப்பந்தப்படி தங்களுக்குள்ள உரிமை எதையும் விட்டுக்கொடுத்ததாக நான் கருதமாட்டேன். சொன்னபடி கட்டிவரும் வரை இந்தப் பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் தவணையை இத்துடன் தருகிறேன். சம்மதமானால் இதன் நகலில் கையெழுத்திட்டுத் தரவும்.*

அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கதை ஒரு வரிக்கு மேல் இல்லை. பாத்ரூம் குழாய் ஒழுகுவது பற்றியும் இல்லை. அந்தக் குறை நியாயமாகவே இருக்கலாம். இந்தக் கடிதத்தில் சேர்த்தால், பாக்கிக்கு அது சாக்கு என்றுதான் படும். ‘ஒரு தவணை தவறினாலும் உடனே காலி செய்கிறேன்’ என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதுவோர் உண்டு. யாரும் கேட்காத இந்த வாக்கியத்தை எழுதாமல் இருப்பது நல்லது.

அட்வான்ஸ் பற்றிய வரிக்குக் காரணம் உண்டு. “அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்பதுதான் சென்னையில் முதலில் வாயில் வரும் யோசனை. உரிமையாளருக்கு அந்தப் பணம்தான் கடைசிப் பிடிமானம். அது கரைந்தால் அவருடைய பயம் கூடும். அதைத் தொடமாட்டேன் என்று குடியிருப்பவரே எழுதிக் கொடுப்பது, பத்து மன்னிப்பைவிட அவருக்கு நிம்மதி தரும். உரிமை பற்றிய வரியும் அப்படியே. தவணை வாங்கினால் நம் உரிமையை நாமே விட்டதாகிவிடுமோ என்று வக்கீல் வைத்திருக்கும் உரிமையாளர்கள் தயங்குவார்கள்.

சட்டத்தில் இந்தக் கடிதத்துக்கு என்ன இடம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தவணை கேட்பது வேண்டுகோள்தான், உரிமை அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத பாக்கி இருந்து, உரிமையாளர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வட்டியோடு கட்டப்படாவிட்டால், வீட்டைக் காலி செய்ய உத்தரவு கேட்டு அவர் வழக்குப் போடலாம். நோட்டீஸ் வந்த பிறகு எழுதும் தவணைக் கடிதம் அந்த ஒரு மாதக் கெடுவை நிறுத்தாது. உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே கதை வேறு. அவர் பதிலே சொல்லாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நகலில் கையெழுத்து வாங்க முடியாவிட்டால், வாட்ஸ்அப்பில் “சரி, அப்படியே கட்டுங்க” என்று ஒரு வரியாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் என்னதான் கோபமாக இருந்தாலும், தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கையெழுத்திட்ட இந்தக் கடிதம் கடனை எழுத்தில் ஒப்புக்கொள்வது. வாடகை பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடக் காலவரம்பு. அது முடிவதற்குள் இப்படி ஒப்புக்கொண்டு எழுதினால் அந்த மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். நியாயமாகத் தர வேண்டியவருக்கு இதில் இழப்பில்லை. ஆனால் தகராறில் உள்ள தொகையை, உதாரணமாகப் பழைய கரண்ட் பில் வித்தியாசத்தை, போனால் போகிறது என்று மொத்தத்தில் சேர்த்து எழுதிவிடக் கூடாது.

கடிதம் ஏற்கப்பட்ட பிறகு நடக்கும் தவறுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதம் 17,900ஐ ஒரே தொகையாக ஜிபேயில் அனுப்பிவிடுவார்கள். அது எதற்கான பணம் என்று குறிப்பு இருக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 59, 60ஆம் பிரிவுகள் இதைப் பற்றித்தான் பேசுகின்றன. பல பாக்கிகள் உள்ளவர் இன்ன பாக்கிக்கு என்று சொல்லிப் பணம் கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால், எதற்கு வரவு வைப்பது என்பது வாங்குபவர் விருப்பம். வீட்டுக்காரம்மா 17,900 முழுவதையும் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொண்டால், பழைய பாக்கி வேகமாகக் குறையும். ஆனால் செப்டம்பர் வாடகையே வராதது போல் நோட்டில் நிற்கும். அக்டோபரிலும் அப்படியே நடந்தால், ஒழுங்காகக் கட்டி வந்தவர் நடப்பு வாடகையில் புதிதாகத் தவறியவராகத் தெரிவார்.

அதனால் ஒரே நாளில் இரண்டு முறை அனுப்ப வேண்டும். முதலில் 12,500, குறிப்பில் “செப்டம்பர் வாடகை, மெயின்டனன்ஸ்”. பிறகு 5,400, குறிப்பில் “பாக்கி தவணை 1/6”. ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு தனி ரசீது. தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஒரு மாதம் பணம் குறையும் என்று தெரிந்தால் 5ஆம் தேதி தாண்டக் காத்திருக்காமல் 2ஆம் தேதியே சொல்லி, நடப்பு வாடகையை முழுதாகக் கட்டிவிட்டு, தவணையில் முடிந்ததைக் கொடுக்கலாம். மீதியை எந்தத் தேதியில் தருவார் என்பதும் அதே செய்தியில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் கடைசி 5,500ஐக் கொடுக்கும்போது ‘தவணை 6/6’ என்ற ரசீதோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘இன்றைய தேதி வரை வாடகை, மெயின்டனன்ஸ், வட்டி எதுவும் பாக்கி இல்லை’ என்று ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உட்காரும்போது, “அந்த மூணு மாசத்துக்கு வட்டின்னு ஒண்ணு இருக்கே” என்று யாராவது தொடங்கினால், எடுத்துக் காட்ட அந்த வரி இருக்கும்.