பணம் கட் ஆயிடுச்சு, பை மட்டும் வரல! கியூஆர் ஸ்கேன் செய்யும் மெஷினுக்குள் நடப்பது என்ன?

சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் 2022 ஜூனில் மஞ்சப்பை மெஷின் வைக்கப்பட்டது. 10 ரூபாய் நாணயம் போட்டால் ஒரு துணிப்பை வெளியே வரும். அதன்பிறகு வந்த மெஷின்களில் போனால் ஸ்கேன் செய்து பணம் கட்டும் வசதியும் சேர்ந்தது. நாணயம் போட்டால் மெஷினுக்குத் தெரியும், சரி. போனில் கட்டிய பணம் மெஷினுக்கு எப்படித் தெரிகிறது?

கோடுக்குள்ள என்ன இருக்கு?

வத்திராயிருப்பில் இருந்து சென்னை வந்த ஒருவர், மெஷினில் ஒரு பை கேட்டு பட்டனை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே திரையில் ஒரு கியூஆர் கோடு வரும். அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது கிட்டத்தட்ட இப்படி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&am=10.00&tr=A1027&cu=INR
```

`pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய முகவரி. `pn` பெயர், `am` தொகை. இதில் முக்கியமானது `tr`. இந்த ஒரு விற்பனைக்கு மட்டும் கொடுக்கப்பட்ட டோக்கன் நம்பர் அது. அடுத்த ஆள் வந்தால் நம்பர் மாறிவிடும், கோடும் மாறிவிடும்.

டீக்கடையில் ஒட்டியிருக்கும் கோடு அப்படி இல்லை. அது என்றைக்கும் ஒரே கோடு. பணம் வந்ததை அங்கே சவுண்ட் பாக்ஸ் சொல்லும், டீயைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். மெஷினில் ஆள் கிடையாது. அதனால்தான் எந்தப் பணம் எந்தப் பைக்கு என்று சொல்ல இந்த டோக்கன் தேவைப்படுகிறது.

போன் மெஷினோடு பேசுவதே இல்லை!

பலரும் நினைப்பது போல போன் நேராக மெஷினுக்குத் தகவல் சொல்வதில்லை. பின் நம்பர் போட்டதும் கோரிக்கை என்பிசிஐ வழியாக உங்கள் வங்கிக்குப் போகிறது. அங்கே 10 ரூபாய் கழிந்து, மெஷின்காரரின் கணக்குக்கு வரவாகிறது. 'A1027-க்குப் பணம் வந்தாச்சு' என்ற செய்தி பேமென்ட் நிறுவனத்தின் சர்வருக்கும், அங்கிருந்து மெஷினை இயக்கும் சர்வருக்கும் போகிறது. கடைசியாக மெஷினுக்குள் இருக்கும் சிம் கார்டு அந்தச் செய்தியை வாங்குகிறது. அப்புறம்தான் மோட்டார் சுற்றி, பை விழும். இவ்வளவும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

பை வரலைன்னா யாரைக் கேட்பது?

முதலில் உங்கள் ஆப்பில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கணக்கில் பணம் கழிந்தும் 'பெண்டிங்' அல்லது 'ஃபெயில்ட்' என்று காட்டினால், சிக்கல் வங்கிகளுக்கு நடுவில். வணிகருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராத பணம், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவு. அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

'சக்சஸ்' என்று காட்டியும் பை வரவில்லையா? அப்போது வங்கியின் வேலை முடிந்துவிட்டது. மெஷினுக்கு சிக்னல் கிடைக்காமல் போயிருக்கலாம், இல்லை மோட்டார் சிக்கியிருக்கலாம். பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் மெஷின்காரர். ஆப்பில் இருக்கும் 12 இலக்க யூடிஆர் எண்ணை, மெஷினில் ஒட்டியிருக்கும் போன் நம்பருக்குச் சொன்னால் அந்த விற்பனையைத் தேடி எடுத்துவிடுவார்கள். அவசரப்பட்டு அதே கோடை இரண்டாவது முறை ஸ்கேன் செய்ய வேண்டாம்.

சார்ஜிங் ஸ்டேஷனில் வேற மாதிரி

பை 10 ரூபாய் என்று முன்பே தெரியும். ஆனால் வண்டி எத்தனை யூனிட் இழுக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் பல சார்ஜர்களில் ஒட்டியிருப்பது பணம் கட்டும் கோடே அல்ல, அந்த சார்ஜரின் அடையாள எண். அந்த நிறுவனத்தின் ஆப்பில்தான் அதை ஸ்கேன் செய்ய வேண்டும். ஆப் வாலட்டில் 200 ரூபாய் போட்டு, 140 ரூபாய்க்கு சார்ஜ் ஏறியிருந்தால், மீதி 60 ரூபாய் வாலட்டிலேயே நிற்கும்.

பார்க்கிங் மீட்டரில் ஸ்டிக்கர் மோசடி

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2022 ஜனவரியில், பார்க்கிங் மீட்டர்கள் மீது மோசடிக் கும்பல் போலி கியூஆர் ஸ்டிக்கர்களை ஒட்டியிருந்தது தெரியவந்தது. ஸ்கேன் செய்தவர்களை அது போலி வெப்சைட்டுக்குக் கொண்டு போனது. திரையில் புதிதாக வரும் கோடில் இந்த வேலை நடக்காது, ஒட்டி வைத்த கோடில்தான் நடக்கும்.

எனவே ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க. பின் நம்பர் போடுவதற்கு முன் ஆப்பில் வரும் பெயரையும் ஒருமுறை படிச்சிடுங்க. மாநகராட்சி பார்க்கிங்கில் முன்பின் தெரியாத தனிநபர் பெயர் வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு ஊழியரைக் கேட்பதே நல்லது.