பையில் இன்னொரு செட் இருக்கட்டும்

ப்ரீ-கேஜி வகுப்பில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான். கால்களை இறுக்கி நெளிகிறான். விளையாட்டை விட்டு எழ மனமில்லை. கடைசியில் கழிவறைக்கு ஓடுகிறான். அங்கே பெல்ட், கொக்கி, ஜிப் மூன்றையும் அவனே கழற்ற வேண்டும். கொக்கியோடு மல்லுக்கட்டும்போதே டிரவுசர் நனைந்துவிடுகிறது.

இதில் அவன் தப்பு எதுவுமில்லை. இந்த வயதில், வருகிறது என்று உணர்ந்த பிறகு குழந்தையால் கொஞ்ச நேரம்தான் அடக்க முடியும். அந்த நேரத்தைத் துணியே தின்றுவிடக் கூடாது. அதனால் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த, சற்றுத் தளர்வான டிரவுசரே நல்லது. பெண் குழந்தைக்கு இறுக்கமான லெக்கின்ஸ் வேண்டாம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: உங்கள் உதவியில்லாமல் முழங்கால்வரை இறக்கி, திரும்ப ஏற்றிக்கொள்ள வருகிறதா? வந்தால் அது பள்ளிக்கு ஏற்ற துணி. யூனிஃபார்மில் கொக்கி இருந்தால், தையற்காரரிடம் கொடுத்து எலாஸ்டிக் வைக்கலாமா என்று பள்ளியில் கேளுங்கள்.

பையில் இரண்டு செட் வையுங்கள். பழகும் முதல் வாரங்களில் மூன்று. ஒரு செட் என்றால் ஜட்டி, டிரவுசர், சட்டை, சாக்ஸ். ஈரம் சட்டை நுனிக்கும் ஏறும், காலிலும் வழியும் என்பதால் நான்குமே வேண்டும். ஒவ்வொரு செட்டையும் தனித்தனிப் பையில் போட்டால், ஆயாம்மா தேடாமல் ஒன்றை மட்டும் எடுத்து மாற்றிவிடலாம். நனைந்த ஷூ வீடு திரும்பும்வரை காயாது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், ஈரத்துணிக்கு நீர் கசியாத காலிப் பை ஒன்றும் சேருங்கள். ஜட்டியிலும் பெயர் எழுதுங்கள். புதுத்துணியைவிட, வீட்டில் போட்டுப் பழகிய துணியைக் குழந்தை மறுக்காமல் போட்டுக்கொள்ளும்.

உங்கள் குழந்தை ‘உச்சா’ என்று சொல்லுமா, ‘சூச்சூ’ என்று சொல்லுமா என்பதையும், வெஸ்டர்ன் கழிவறை மட்டுமே பழக்கமா என்பதையும் டீச்சரிடம் சொல்லிவையுங்கள். நனைக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் மலம் இறுகும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி இன்னும் அடிக்கடி நனைக்க வைக்கும்.

மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைத்தால் கவனியுங்கள். தம்பியோ தங்கையோ பிறந்தது, வீடு மாறியது போன்றவை காரணமாக இருக்கலாம். ஆனால் எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், அடங்காத தாகம், நாள்கணக்கில் மலச்சிக்கல் என்று எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈரத்துணி வீட்டுக்கு வரும் நாளில், “பரவால்ல கண்ணு, அடுத்த தடவ வர்ற மாதிரி இருந்தா உடனே மிஸ்கிட்ட சொல்லு” என்றால் போதும். அக்கம்பக்கத்தாரிடமோ பாட்டியிடமோ அதன் காதுபடச் சொல்லாதீர்கள். வெட்கப்பட்ட குழந்தை அடுத்த முறை நனைந்ததை மறைக்கும். ஈரத்திலேயே உட்கார்ந்து தொடையில் புண்ணாகும். துணியை அலசிப் போட்டுவிட்டு, அன்றிரவே வேறொரு செட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.