வைகைக் கரையில் ஒரு மீன்: ஊழிவெள்ளக் கதை ஏன் இத்தனை ஊர்களில்?

ஊழிவெள்ளம் என்றதும் நம்மில் பலருக்கு நோவாவின் பேழைதான் ஞாபகம் வரும். அதே கதையின் ஒரு வடிவத்தில் கதாநாயகன் நம்ம ஊர்க்காரன், ஆறு நம்ம வைகை என்பது பலருக்குத் தெரியாது.

பாகவத புராணத்தின் எட்டாம் கந்தத்தில் வருகிறது அது. திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நின்று நீர்க்கடன் செய்கிறான். அள்ளிய கையில் ஒரு சின்ன மீன். திரும்ப ஆற்றில் விடப் போகிறான். "பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடும், விட்டுவிடாதே" என்கிறது மீன். கமண்டலத்தில் போட்டால் ராத்திரிக்குள் கமண்டலம் பற்றவில்லை. தொட்டி, குளம், ஏரி என்று மாற்றி மாற்றி, கடைசியில் கடல் வரை போகிறது. பிறகு மீன் சொல்கிறது: ஏழாம் நாள் உலகம் முழுகும், ஒரு ஓடம் வரும், விதைகளோடும் ஏழு முனிவர்களோடும் ஏறிக்கொள், வாசுகிப் பாம்பைக் கயிறாக்கி என் கொம்பில் கட்டு.

கிருதமாலை என்பது வைகை என்று மரபாகச் சொல்வார்கள். மதுரைக்குள் ஓடும் கிருதுமால்தான் அது என்பவர்களும் உண்டு. (இன்றைய கிருதுமாலைப் பார்த்தவர்கள் அதில் யாரும் நீர்க்கடன் செய்ய இறங்குவதைக் கற்பனை பண்ண முடியாது. அது தனிக் கதை.) வைகை என்றே வைத்துக்கொண்டால், தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில் பிறக்கும் தண்ணீரில்தான் மனித குலம் தப்பிப் பிழைக்கிறது!

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு விஷயம். இதே கதையின் பழைய வடிவங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இந்தியாவில் கிடைப்பவற்றில் மிகப் பழையது சதபத பிராமணத்தில் இருக்கிறது. அதில் திராவிடமும் இல்லை, வைகையும் இல்லை. மனு காலையில் கை கழுவக் கொண்டுவந்த தண்ணீரில் மீன் இருக்கிறது. ஓடம் போய் நிற்பது வடக்கே ஒரு மலையில். மகாபாரத வனபர்வத்தில் மனுவுக்குச் சீரிணி என்ற ஆற்றங்கரை கிடைக்கிறது. ஓடம் நிற்பது இமயத்துச் சிகரத்தில். மச்ச புராணத்தில் மனு தவம் செய்யும் இடம் மலய மலை, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி. பாகவதத்துக்கு வரும்போது திராவிட அரசனும் கிருதமாலையும் வந்துவிடுகிறார்கள். மீன், வளர்ச்சி, ஓடம், கொம்பு, கயிறு எல்லாம் அப்படியே. விலாசம் மட்டும் மாறிக்கொண்டே தெற்கே வருகிறது.

நம் கேள்விக்கு இதில் ஒரு பாதி பதில் இருக்கிறது. இத்தனை சமூகங்களில் வெள்ளக் கதை இருப்பதால் இத்தனை பேரும் ஒரே வெள்ளத்தைப் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. கதை நடந்து வருகிறது; வந்த ஊரில் அந்த ஊர் ஆற்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. மேற்கே நடந்ததும் இதுதான். 1872இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் களிமண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது கில்காமேஷ் காவியத்தின் வெள்ளக் கதை வெளியே வந்தது. கப்பல், மலையில் தட்டுவது, கரை இருக்கிறதா என்று பார்க்கப் பறவைகளை அனுப்புவது எல்லாம் விவிலியத்துக்கு முன்பே மெசபடோமியாவில் இருந்திருக்கிறது. நம்ம மனு கதையும் அங்கிருந்து வந்ததா என்றால், நான் அவசரப்பட மாட்டேன். அங்கே இந்த வளரும் மீன் கிடையாது. இங்கே பறவை கிடையாது.

சரி, மெசபடோமியாவிலாவது ஒரு நிஜ மகாவெள்ளம் வந்ததா? 1929இல் லெனார்ட் வூலி ஊர் என்ற பழைய நகரத்தில் தோண்டும்போது மனிதத் தடயங்களுக்குக் கீழே சுத்தமான வண்டல், மூன்று மீட்டர் அளவுக்கு வந்தது. அதற்கும் கீழே மறுபடி மனிதத் தடயம். "வெள்ளம் கிடைத்துவிட்டது" என்று உலகம் முழுக்கச் செய்தி. ஆனால் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே வெள்ளம் என்றால் பக்கத்து நகரங்களிலும் அதே காலத்து வண்டல் இருக்க வேண்டும். ஷுருப்பக்கிலும் கிஷ்ஷிலும் வண்டல் இருந்தது, ஆனால் காலம் வேறு வேறு. ஊரில் கிடைத்ததற்கும் ஷுருப்பக்கில் கிடைத்ததற்கும் பல நூற்றாண்டு இடைவெளி. ஆக, அங்கே பல ஆற்று வெள்ளங்கள். ஒவ்வொன்றும் அந்தந்த ஊருக்கு உலக முடிவு.

கடல்கோள் பற்றிக் கேட்பீர்கள். பனியுகம் முடிந்து கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் ஏறியது உண்மை. ஆனால் அது பல ஆயிரம் ஆண்டுகளில் நடந்தது. மிக வேகமாக ஏறிய கட்டங்களிலும் நூறு வருஷத்துக்குச் சில மீட்டர்தான். தாத்தா நடந்த கரை பேரனுக்கு இல்லாமல் போகலாம், ஆனால் ஏழாம் நாள் ஓடம் தேட வேண்டிய வேகம் அதில் இல்லை.

மிச்சப் பாதி பதில், வெள்ளக் கதை இல்லாத இடத்தில் இருக்கிறது. எகிப்து வருஷா வருஷம் வெள்ளத்தில் முழுகிய நாடு. ஆனால் மனித குலத்தை வெள்ளம் அழித்த கதை அவர்களிடம் பிரபலமாக இல்லை. காரணம் பயிர்க் கணக்கு. நைல் பெருகுவது கோடையின் பிற்பகுதியில், அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும் நேரம். வடியும்போது வண்டலை விட்டுப் போகும், விதைக்கலாம். டைகிரிஸும் யூப்ரடிஸும் பெருகுவது பனி உருகும் வசந்தத்தில், கதிர் முற்றி நிற்கும்போது. எகிப்தியக் கதையில் செக்மெத் என்ற தேவி மனிதர்களைக் கொன்று தீர்க்கக் கிளம்புகிறாள். சூரியக் கடவுள் சிவப்பாக்கிய பீரை வயலெங்கும் வெள்ளமாகப் பாய்ச்சுகிறார். ரத்தம் என்று நினைத்துக் குடித்து மயங்கிவிடுகிறாள். அங்கே வெள்ளம்தான் மனிதனைக் காப்பாற்றுகிறது!

இதைப் புரிந்துகொள்ள எகிப்து வரை போகவே வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்குப் போதும். முல்லைப் பெரியாறு அணை 1895இலிருந்து மேற்கே போக வேண்டிய தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்புகிறது. லோயர்கேம்ப்பில் இறங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று பாய்ந்து வைகையில் சேர்கிறது. இந்தப் பக்கம் அந்தத் தண்ணீர் பற்றிச் சொல்லப்படுவது பென்னிகுவிக் கதை. கட்டும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும், மனுஷன் விடாமல் கட்டினதும். ஜனவரி 15 அவர் பிறந்தநாளுக்கு இங்கே பொங்கல் வைக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பெரியாறிலும் அதற்குக் கீழேயும், அதே அணை பற்றிய கதை வேறு: ஒருநாள் உடையும், ஊரே போகும். 2011இல் இடுக்கியில் நில அதிர்வுகள் உணரப்பட்டபோது அந்தக் கதை உச்சத்துக்குப் போனது. அணை உடைவதைக் காட்டிய 'டேம் 999' படமும் அதே வருஷம் வந்தது. தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடி வரை தேக்கலாம், அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று தீர்ப்பளித்த பிறகும் பயம் அடங்கவில்லை.

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இங்கே பலர் கோபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அணைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவனுக்கு ஒரு கதை, மடை திறந்து நெல் போடுகிறவனுக்கு ஒரு கதை. தண்ணீர் ஒன்றுதான்.