வட்டத் தடிப்பும் வீங்கிய முழங்காலும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றொரு சிற்றூர். 1975-இல் அங்கும் பக்கத்து ஊர்களிலும் பல குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. 'குழந்தைப் பருவ மூட்டுவாதம்' என்றார்கள் மருத்துவர்கள். இத்தனை வீடுகளில் ஒரே நோய் எப்படி வரும் என்று தாய்மார்கள் விடாமல் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது.

யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டியர் 39 குழந்தைகளையும் 12 பெரியவர்களையும் விசாரித்தார். அவர்களில் கால்வாசிப் பேர், மூட்டு வீங்கும் முன் தோலில் ஒரு சிவப்புத் தடிப்பு வட்டமாகப் பரவியதாகச் சொன்னார்கள். மான் உண்ணி கடித்த தடம் அது. அந்த உண்ணிக்குள் இருந்த சுருள் வடிவ பாக்டீரியாவை வில்லி பர்க்டோர்ஃபர் பின்னர் கண்டுபிடித்தார்.

கசகசா அளவே உள்ள இளம் உண்ணி கடித்தால் வலிக்காது. பலருக்கு நினைவிலும் இருக்காது. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தடிப்பு தோன்றி, நாளுக்கு நாள் விரியும். பெரும்பாலும் அரிப்போ வலியோ இராது. நடுவில் வெளிறி வளையமாகத் தெரியலாம். முழுதும் சிவப்பாகவும் இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனையை நம்பக் கூடாது. எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் முடிவு 'இல்லை' என்றே வரக்கூடும். எனவே தடிப்பைப் பார்த்தே சிகிச்சை தொடங்குவார்கள்: பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை, வழக்கமாக 10 நாட்கள்.

விட்டுவிட்டால் சில வாரங்களில் இதயத்தின் மின்னோட்டம் தடைபட்டு மயக்கம் வரலாம். மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கும். அப்போதும் ஆன்டிபயாடிக் பலன் தரும், ஆனால் கூடுதல் நாட்கள் தேவைப்படும்.

அமெரிக்காவின் வடகிழக்கிலோ ஐரோப்பாவிலோ காட்டுப்பக்கம் போய்வந்தவர் உடலில் இப்படியொரு தடிப்பு விரிந்தால், பயண விவரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.