ஷாட் மாறலாம், முகம் மாறக் கூடாது

இரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுக்களையில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருப்பது அம்மாவுக்கு அப்போதுதான் தெரியவருகிறது. கதையில் இது இரண்டு நிமிடப் பேச்சு. படமெடுக்க ஒரு மாலைப்பொழுதே போய்விடும். இருவரும் ஜன்னலோரம் நிற்கும் வைட் ஷாட்டை 4 மணிக்கு எடுக்கிறார்கள், அம்மாவின் க்ளோசப்பை 5 மணிக்கு. மகளின் க்ளோசப்புக்கு முறை வரும்போது மணி 6.15. ஜன்னல் வெளிச்சம் மங்கி நீலம் பாய்ந்துவிட்டதால் டியூப்லைட்டைப் போட்டுவிடுகிறார்கள். மூன்று ஷாட்டையும் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தால் மூன்று வேறு நாட்களில் பேசியது போல இருக்கும்.

இதை ஒரே மாலையாக மாற்றித் தருவதுதான் கலர் கிரேடிங்கின் முதல் வேலை. கதைக்கேற்ற வண்ணம் பூசுவதெல்லாம் அதற்குப் பிறகு. செய்த வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கலரிஸ்டுகள் ஒரு ஷாட்டைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. தனியாகப் பார்த்தால் எல்லா ஷாட்டும் அழகாகவே தெரியும். காட்சியின் சூழலை நன்றாகக் காட்டும் ஒரு ஷாட்டை முதலில் திருத்தி, அதன் ஸ்டில்லை எடுத்து வைத்துக்கொள்வார்கள். நம் கதையில் அது 4 மணி வைட் ஷாட். மற்ற ஷாட்டுகளை அந்த ஸ்டில்லோடு திரையில் பாதிப் பாதியாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். ‘கலர் ஒட்டவில்லை’ என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலும் ஒட்டாமல் இருப்பது வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும்தான். வேவ்ஃபார்ம் என்ற அளவி, படத்தின் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை காட்டும். 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. வைட் ஷாட்டில் அம்மாவின் கன்னம் 45-இல் இருக்கிறது, க்ளோசப்பில் 55-இல் நிற்கிறது என்றால், க்ளோசப்பைக் கீழே இறக்க வேண்டும். வண்ணத்தில் கைவைக்காமலேயே பாதிப் பிரச்சினை அங்கே தீர்ந்துவிடும்.

ஆனால் மகளின் கன்னம் 60-இல் இருக்கிறது என்பதற்காக அம்மாவையும் 60-க்குத் தூக்கக் கூடாது. மாநிறமான அம்மாவும் சற்று வெளுத்த மகளும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் நின்றால் அளவியில் வேறு வேறு உயரத்தில்தான் விழுவார்கள். ஒப்பிட வேண்டியது அம்மாவை அம்மாவோடு, மகளை மகளோடு. வெளுத்த தோலையே அளவாக வைத்துக்கொள்ளும் பழக்கம் பழையது. அமெரிக்க லேப்களில் பல பத்தாண்டுகள் பிரின்ட்டின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் தந்த ‘ஷெர்லி’ அட்டைகளில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள்தான். கறுத்த முகத்தை இழுத்து வெளுப்பாக்கினால் நிழலில் இருக்கும் புள்ளிகள் மேலே வரும், தோல் சாம்பல் பூத்தது போல ஆகும்.

அடுத்தது தோலின் நிறம். இதற்கு வெக்டர்ஸ்கோப் என்ற வட்டமான அளவி உண்டு. எந்த நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வட்டத்தின் திசையும், எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை மையத்திலிருந்து உள்ள தூரமும் சொல்லும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே அதில் ஒரு கோடு போட்டிருக்கும். கறுப்பு, மாநிறம், வெளுப்பு என்று எந்தத் தோலாக இருந்தாலும், இயல்பான வெளிச்சத்தில் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். தோலின் நிறத்தைத் தீர்மானிக்கும் மெலனினும் ரத்தமும் எல்லாருக்கும் பொது. கூடுதல் குறைவுதான் வித்தியாசம். முகத்தை மட்டும் மாஸ்க் போட்டு வெட்டிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

மகளின் 6.15 க்ளோசப்பில் புள்ளிகள் கோட்டைத் தாண்டிப் பச்சைப் பக்கம் சாய்ந்திருக்கும். மலிவான டியூப்லைட்டின் வேலை அது. பச்சைக்கு எதிரான மெஜந்தாவைப் படம் முழுக்கச் சேர்த்தால் டியூப்லைட் பட்ட கன்னம் சரியாகிவிடும். ஜன்னல் பக்கக் கன்னம் ரோஸ் ஆகிவிடும். இரண்டு விளக்கு விழுந்த முகத்துக்கு ஒரே திருத்தம் போதாது. டியூப்லைட் பக்கத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாகத் திருத்தி, மாஸ்க்கின் ஓரத்தை நன்றாக மங்கலாக்க வேண்டும். அவள் தலையைத் திருப்பும்போது மாஸ்க்கும் கூடவே நகர்கிறதா என்று ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் அளவியும் கண்ணும் முரண்படும். மகளுக்குப் பின்னால் பச்சைச் சுவர், அம்மாவுக்குப் பின்னால் மர அலமாரி. அளவியில் இரண்டு முகமும் சரியாகவே இருக்கும். ஆனால் பச்சைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் கொஞ்சம் சிவப்பேறித் தெரியும் என்பதால், மகளின் முகம் மட்டும் சிவந்தது போலக் கண்ணுக்குப் படும். பார்வையாளர் கையில் அளவி இல்லை. எனவே கண் சொல்வதைக் கேட்க வேண்டும். முகத்தைத் தொடாமல் சுவரின் பச்சையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், முகம் தானாக அமைதியாகிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உணர்வுக்கு வண்ணம். பிரிவின் துயரம் என்றதும் படம் முழுக்க நீலத்தை ஏற்றிவிடுவதுதான் பலரும் செய்வது. அப்போது உதடு ஊதா நிறமாகும், முகம் நோயாளி முகமாகும். துயரமாகத் தெரிய வேண்டியது சீக்காகத் தெரியும். நீலத்தை நிழலுக்கும் சுவருக்கும் கொடுத்துவிட்டு, முகத்தின் திசையை மாற்றாமல் அதன் அழுத்தத்தை மட்டும் சிறிது குறைப்பதே நல்ல வழி. எல்லை மீறிவிட்டதா என்று அறிய அம்மாவின் தலையில் உள்ள மல்லிகையையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். அவை மெல்லக் குளிர்ந்திருந்தால் சரி. நீலமாகவே ஆகிவிட்டால் அதிகம். மூன்று ஷாட்டிலும் மல்லிகை ஒரே அளவு குளிர்ந்திருக்கிறதா என்பது தொடர்ச்சிக்கும் சோதனை.

ஒரே நிறத்தை வெகுநேரம் பார்த்தால் கண் அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் நீலக் காட்சியில் உழைத்தவருக்கு அந்த நீலமே தெரியாது. அதனால் எழுந்து போய்ச் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, முதல் பார்வையில் தோன்றுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரையும் ஏமாற்றும். இரவில் மஞ்சளாகும் வசதி, தானாகக் கூடிக் குறையும் வெளிச்சம் இரண்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். கடைசியில் ஒரு சாதாரண போனிலும் பார்த்துவிடுங்கள். நிழலில் இருக்கும் முகம் அங்கே கறுப்பில் மூழ்கலாம்.

எல்லாவற்றையும் திருத்திவிடவும் முடியாது. ஜன்னல் பட்ட நெற்றி பதிவிலேயே முழுக்க வெளுத்துப்போயிருந்தால் அங்கே தோலே பதிவாகவில்லை. எந்தக் கருவியாலும் திரும்பாது. டியூப்லைட்டில் சிவப்பு குறைவாக இருந்தால், பச்சையை எடுத்த பிறகும் முகம் செத்தாற்போலத்தான் இருக்கும். அப்போது பிரச்சினையை எடிட்டரிடம் கொண்டுபோகலாம். ஒட்டாத இரண்டு க்ளோசப்புக்கு நடுவே அடுப்பில் பொங்கும் பாலை இரண்டு விநாடி வைத்தால், பார்ப்பவர் இரண்டு முகத்தையும் நேரடியாக ஒப்பிட வாய்ப்பில்லை. வெட்டுமிடத்தில் தெரியாத வேறுபாட்டைத் திருத்த மெனக்கெட வேண்டியதில்லை.