அறுபது நாள், எந்தத் தேதியிலிருந்து?

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர் படிப்பை ஒழுங்காக முடித்தால், அதன் பிறகு அறுபது நாள் அங்கே தங்கலாம். மாணவர்கள் இதை ‘கிரேஸ் பீரியட்’ என்பார்கள். வீட்டைக் காலி செய்ய, வங்கிக் கணக்கை முடிக்க, ஊர் திரும்ப, அல்லது அடுத்த படிப்புக்கு மாற அந்த நாட்டுக் குடியேற்ற விதி தரும் அவகாசம் அது. விதி சின்னதுதான். அந்த அறுபதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் அங்கே பிள்ளைகளும் இங்கே விமான டிக்கெட் பார்க்கும் பெற்றோரும் தடுமாறுகிறார்கள்.

பட்டமளிப்பு விழா நாளிலிருந்து எண்ணக் கூடாது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகும் நாளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அந்த விசா, அமெரிக்க எல்லையில் போய் நின்று உள்ளே வர அனுமதி கேட்பதற்கு மட்டும். நுழைந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 பதிவு சொல்லும். எஃப்-1 மாணவர்களுக்கு அதில் பெரும்பாலும் தேதி இருக்காது, `D/S` என்று மட்டும் இருக்கும். மாணவராக முறைப்படி இருக்கும் வரை தங்கலாம் என்று அதற்குப் பொருள். அப்படியானால் மாணவர் நிலை எப்போது முடிகிறது? அதற்கான விடை, பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் படிப்பு முடியும் தேதியாக அச்சாகியிருக்கிறது. எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் அந்தத் தேதி மாறக்கூடியது. இதைக் கவனிக்காமல் விடுவதால் வரும் சிக்கல்தான் பெரியது. கோவையிலிருந்து முதுகலை படிக்கப் போன ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவள் ஐ-20 படிவத்தில் முடிவுத் தேதி 2026 டிசம்பர் 18. ஒரு பருவத்தில் கூடுதலாகப் பாடம் எடுத்ததால், பட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் மே மாதமே முடித்துவிடுகிறாள். கையில் இருக்கும் தாளை நம்பினால் டிசம்பர் வரை இருக்கலாம், அதற்கு மேல் அறுபது நாளும் உண்டு என்று தோன்றும். உண்மையில் படிப்பு மே மாதமே முடிந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்ற பொறுப்பில் இருப்பவர், அரசின் செவிஸ் கணினிப் பதிவில் முடிவுத் தேதியை அந்தப் பருவத்தின் கடைசி நாளுக்கு, மே 15 என்று கொள்வோம், முன்னே நகர்த்துவார். புது ஐ-20 வரும். பழைய தாளின் டிசம்பர் தேதிக்கு அதன் பிறகு மதிப்பில்லை.

ஆகவே எண்ணத் தொடங்கும் முன் டிஎஸ்ஓவுக்கு மின்னஞ்சல் எழுதி, ‘செவிஸ் பதிவில் இன்றைக்கு என் முடிவுத் தேதி என்ன?’ என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆய்வேடு எழுதுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். எந்த நாளை முடிவு நாளாகக் கொள்வது என்பதில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நடைமுறை வேறுபடுகிறது.

இனிக் கணக்கு. முடிவுத் தேதி மே 15 என்றால் மே 16 முதல் நாள். மே மாதத்தில் 16 நாள் போகும். ஜூன் 30 நாளும் சேர்ந்தால் 46. மிச்சம் 14. ஜூலை 14 அறுபதாவது நாள். கணினியில் போட்டுப் பார்க்க விரும்பினால், எக்செல் தாளின் A1 கட்டத்தில் முடிவுத் தேதியை இட்டு, வேறொரு கட்டத்தில் இதை எழுதினால் போதும்:

```
=A1+60
```

‘இரண்டு மாதம்’ என்று வாய்க்கணக்காகச் சொன்னால் ஜூலை 15 வரும். அது 61ஆவது நாள். டிசம்பர் 18இல் படிப்பு முடிகிறவருக்கு இதே பிழையில் இரண்டு நாள் கூடிவிடும். அவருடைய அறுபதாவது நாள் பிப்ரவரி 16. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாமே கணக்கில் சேரும். விமான நேரத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு வரும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. ‘14ஆம் தேதி ராத்திரி விமானம்’ என்று வீட்டில் சொல்வோம். டிக்கெட்டில் 15ஆம் தேதி அதிகாலை 1.30 என்று இருந்தால் அவகாசம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நம் பிள்ளைகளில் பலர் ஊர் திரும்புவதற்காக இந்த அறுபதை எண்ணுவதில்லை. ஓபிடி என்ற ஓராண்டுப் பணிப்பயிற்சிக்கு விண்ணப்பிக்கத்தான் எண்ணுகிறார்கள். அங்கே இன்னொரு கெடுவும் சேர்ந்து ஓடும். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாளுக்குள் ஐ-765 விண்ணப்பம் அரசுக்குப் போய்ச் சேர வேண்டும். தபாலில் அனுப்பிய நாள் செல்லாது. டிஎஸ்ஓ செவிஸில் பரிந்துரை பதிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள்ளும் அது சேர்ந்தாக வேண்டும். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கடைசி நாள். நம் மாணவிக்கு ஜூன் 1இல் பரிந்துரை பதிவானால் கடைசி நாள் ஜூலை 1, ஜூலை 14 அல்ல. ஜூன் 20இல் பதிவானால் முப்பதாவது நாள் ஜூலை 20 ஆகும், ஆனால் ஜூலை 14 முந்திக்கொள்ளும். பயிற்சி தொடங்கும் நாளாக அவள் கேட்பதும் மே 16க்கும் ஜூலை 14க்கும் இடையில்தான் இருக்க முடியும். விண்ணப்பம் உரிய காலத்தில் சேர்ந்துவிட்டால், முடிவு வரும் வரை ஜூலை 14க்குப் பிறகும் அங்கே காத்திருக்கலாம். அனுமதி அட்டை கைக்கு வந்து, அதில் குறித்த நாள் தொடங்கும் வரை வேலை மட்டும் செய்யக் கூடாது.

வேலை விஷயத்தில் இந்த அவகாசம் கறாரானது. நூலகத்திலும் ஆய்வகத்திலும் பார்த்த வளாக வேலைகூடப் படிப்பின் முடிவுத் தேதியோடு நின்றுவிடும். சம்பளம் வாங்கும் வேலை எதற்கும் இந்த அறுபது நாளில் இடமில்லை. இடையில் நாட்டை விட்டுக் கிளம்பினால் மிச்ச நாட்களும் போய்விடும். தங்கை திருமணத்துக்குப் பத்து நாள் ஊருக்கு வந்து, மிச்ச நாட்களை அங்கே கழிக்கலாம் என்று திரும்பிப் போக முடியாது. படிப்பை நீட்டிக்கவும் இந்தக் காலம் உதவாது. கடைசிப் பருவத்தில் ஒரு பாடத்தில் தோற்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால், மதிப்பெண் வரட்டும் என்று காத்திராமல், முடிவுத் தேதிக்கு முன்பே டிஎஸ்ஓவிடம் போய்ப் பேச வேண்டும். நீட்டிப்பு அதற்குள் பதிவாக வேண்டும்.

எல்லா எஃப்-1 மாணவருக்கும் அறுபது கிடைக்கும் என்றும் இல்லை. டிஎஸ்ஓவின் ஒப்புதலோடு பாதியில் படிப்பை விடுகிறவருக்குப் பதினைந்தே நாள். ஒப்புதல் இல்லாமல் விட்டவருக்கும், விதியை மீறி நிலையை இழந்தவருக்கும் ஒரு நாள்கூட இல்லை.

இந்த அறுபதை முப்பதாகக் குறைக்கவும், `D/S` முறையைக் கைவிட்டு ஒவ்வொருவருக்கும் திட்டமான தேதி கொடுக்கவும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் ஒரு விதி மாற்றத்தை முன்மொழிந்தது. எனவே மூத்த மாணவர் ஒருவர் தன் அனுபவத்தில் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டிக்கெட் எடுக்கும் முன், உங்கள் முடிவுத் தேதி எது, உங்களுக்கு எத்தனை நாள் என்ற இரண்டையும் டிஎஸ்ஓவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.