அந்தச் சுவரை வெள்ளையடிக்காதீர்கள்
(ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியையான நான் நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பிய கடிதம்)

ஐயா,

எங்கள் கம்பத்து மண்டபச் சுவரில் பால்மரம் வெட்டும் பெண்ணின் ஓவியம் மங்கி வருகிறது. தங்கள் பாட்டிமார் செய்த வேலையை என் மாணவர்கள் பலர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சேலையின் சிவப்பு வெயிலில் வெளுத்துவிட்டது. அதைவிட, முழங்கால் உயரம்வரை சாயம் உரிந்து உப்புப் பூத்திருப்பதே கவலை. சாயம் உதிர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை ஓரங்களில் இறுக்கி ஒட்டிவைத்தேன். மறுநாள் தாளின் உட்புறம் நீர்த்துளிகள். ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது.

இப்போது வார்னிஷ் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, மிச்சச் சாயத்தையும் தள்ளிவிடும். முதலில் சுவரோரம் அடைத்துக் கிடக்கும் கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள். சுவர் உலர்ந்தபின், வரைந்தவரையே அழைத்து உதிர்ந்த இடங்களை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். முழுவதையும் புதிதாக வரைந்தால், அது வேறு ஓவியமாகிவிடும்.